பராமரிப்புக் கட்டண நிலுவை: பி-4 வீட்டு உரிமையாளருக்கு நிர்வாகக் குழுவின் கடிதம்

குன்னூர்
12 செப்டம்பர் 2025

விரைவு அஞ்சல், ஒப்புகையுடன்

அனுப்புநர்:
செயலாளர், நிர்வாகக் குழு,
குடியிருப்பு உரிமையாளர்கள் நலச் சங்கம்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
பி-4 வீட்டு உரிமையாளர் அவர்கள் (கோயம்புத்தூர் முகவரிக்கு)

பொருள்: ஜூன் 2024 முதல் செலுத்தப்படாத பராமரிப்புக் கட்டணமும், தடுப்புச் சுவர் சிறப்புத் தொகையும்.

பார்வை: சங்கத்தின் 9-12-2024, 11-3-2025, 16-6-2025 தேதியிட்ட கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே குறிப்பிட்ட மூன்று கடிதங்களுக்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. பொருளாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை நீங்கள் பார்த்ததாகத் தெரிகிறது, ஆனால் பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தாலும் எடுப்பதில்லை. ஏதாவது கஷ்டமோ, உடல்நலக் குறைவோ இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி ஏதாவது இருந்தால் இப்போதாவது சொல்லுங்கள். குழுவில் பேசி அதற்கேற்ப ஏற்பாடு செய்கிறோம். ஆனால் ஏப்ரல், மே சீசனில் உங்கள் விருந்தினர்கள் வாராவாரம் வந்து தங்கிப் போனார்கள். அதனால் வீடு பயன்பாட்டில்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு இதுதான். மாதம் ரூ.2,800 வீதம் ஜூன் 2024 முதல் செப்டம்பர் 2025 வரை 16 மாதங்களுக்கு ரூ.44,800. ஜனவரி பொதுக்குழுவில் தீர்மானித்த தடுப்புச் சுவர் தொகை ரூ.15,000. துணைவிதிப்படி ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குப் பிறகு சேரும் தாமதக் கட்டணம், மாதம் ரூ.100 வீதம், ரூ.1,600. ஆக மொத்தம் ரூ.61,400. மாதவாரியான விவரம் இணைப்பில் இருக்கிறது. அதில் ஒரு ரூபாய் தவறாக இருந்தாலும் எடுத்துச் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறோம்.

சென்ற ஆண்டு மே மாதம் கடைசியாகப் பேசியபோது நீங்கள் இரண்டு விஷயங்களைச் சொன்னீர்கள். அவை இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே வருகிற உங்களுக்கு முழுக் கட்டணம் எதற்கு என்றீர்கள். கட்டணம் வீட்டில் எத்தனை நாள் விளக்கு எரிகிறது என்பதை வைத்து வாங்குவதில்லை. கூரை, படிக்கட்டு, வடிகால், செப்டிக் டேங்க், சம்ப் மோட்டார், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் 365 நாளும் நடக்கிற செலவுகள். இந்த ஊர் ஈரத்தில் ஒரு வருடம் வடிகாலைச் சுத்தம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சொல்லப்போனால், ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் காவல் அதிகம் தேவைப்படுகிறது. காட்டெருமை பின்பக்க வேலியை உடைத்தபோது வாட்ச்மேன்தான் இரவோடு இரவாக ஆட்களைக் கூட்டி உங்கள் வீட்டுப் பக்கம் அடைத்தார். மே மாதம் நகராட்சித் தண்ணீர் நாள் கணக்கில் வராதபோது லாரித் தண்ணீர் வாங்கித்தான் சமாளித்தோம். அந்தத் தண்ணீரை உங்கள் விருந்தினர்களும்தான் பயன்படுத்தினார்கள். அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஏ-2 வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒருவர். பென்ஷன் வந்த அன்றே கட்டணத்தைக் கட்டிவிடுகிறவர் அவர்.

இரண்டாவது, படுக்கையறைச் சுவரில் ஓதம். அந்தப் புகார் நியாயமானது. மேஸ்திரியை வைத்துப் பார்த்தோம். மொட்டை மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. அதைச் சங்கம்தான் சரிசெய்ய வேண்டும், செய்யும். மழை ஓய்ந்து தளம் காய்ந்த பிறகுதான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதால் ஜனவரிக்கு வைத்திருக்கிறோம். ஆனால் ஓதத்தைக் காரணம் காட்டிக் கட்டணத்தை நிறுத்தி வைத்தால், அதைச் சரிசெய்ய வேண்டிய பணமே இல்லாமல் போகிறது. உங்கள் வீட்டுச் சுவர் காய வேண்டும் என்று நாங்களும்தான் விரும்புகிறோம்.

இப்போது எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது தடுப்புச் சுவர். பி பிளாக்கின் பின்னால் சுவர் நடுவில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் வெளியேற வைத்த துளைகள் பாதிக்கு மேல் அடைத்துவிட்டன. மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் சுவரை முன்னால் தள்ளுகிறது. மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் அது தொடங்கிவிடும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்னூரில் அன்று இருந்த யாருக்கும் அது மறந்திருக்காது. உங்கள் வீடு அந்தச் சுவருக்கு நேர் மேலே இருக்கிறது. அது சரிந்தால் முதலில் ஆபத்து பி-3க்கும் பி-4க்கும்தான்.

வேலைக்கு ஒப்புக்கொண்ட தொகை ரூ.3,60,000. 24 வீடுகளில் 19 வீடுகள் கொடுத்துவிட்டன. உங்களைத் தவிர மீதி நான்கு வீட்டாரிடம் கேட்டால், "பி-4 தரட்டும், அப்புறம் நாங்கள் தருகிறோம்" என்கிறார்கள். உங்கள் மௌனத்தின் விலை ரூ.15,000 மட்டும் இல்லை, ரூ.75,000. நடைமுறைக் கணக்கிலிருந்து எடுத்து இட்டு நிரப்பலாம் என்றால், அங்கேயும் உங்கள் 16 மாதப் பாக்கிதான் பெரிய ஓட்டை. முழுத் தொகை கையில் இல்லாமல் தொடங்கி, தோண்டிய பள்ளத்தோடு மழைக்காலத்தில் வேலை நின்றால் அது இன்னும் ஆபத்து. ஒப்பந்தக்காரரும் அதையேதான் சொல்கிறார். அக்டோபர் 20 தீபாவளி. அதற்கு முன்பு வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் போனஸ் தர வேண்டும். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க எங்களுக்கு மனம் இல்லை.

ஆகவே, அக்டோபர் 4, சனிக்கிழமைக்குள் சுவருக்கான ரூ.15,000-ஐ முழுதாகவும், பராமரிப்பு நிலுவையான ரூ.44,800-ஐயும் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். நிலுவையை ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று தவணைகளாகக் கட்டலாம். அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தேதிக்குள் கட்டினாலோ, தவணைக்கு எழுதிக் கொடுத்து முதல் தவணையைக் கட்டினாலோ தாமதக் கட்டணம் ரூ.1,600-ஐத் தள்ளுபடி செய்யக் குழு முடிவு செய்திருக்கிறது. காசோலையாகவோ, நீங்கள் முன்பு அனுப்பிய அதே சங்கக் கணக்குக்கோ அனுப்பலாம். அனுப்பிய உடன் பொருளாளருக்குச் சொல்லுங்கள், ரசீது அன்றே வரும்.

அதற்குள் பணமும் பதிலும் வராவிட்டால், அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு நடக்கும் சிறப்புப் பொதுக்குழுவில் இதை வைப்போம். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் தொகையையும் செலவையும் கேட்டு வழக்குத் தொடர அந்தக் கூட்டத்தில் ஒப்புதல் கேட்போம். பாக்கி தீரும் வரை வீட்டை விற்கவோ மாற்றவோ நிலுவையின்மைச் சான்று சங்கத்திலிருந்து கிடைக்காது. தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. சில உறுப்பினர்கள் அப்படிச் செய்யச் சொன்னார்கள், குழு மறுத்துவிட்டது. பணப் பாக்கிக்காக ஒருவருக்குத் தண்ணீரை நிறுத்துவது சரியல்ல என்பதுதான் எங்கள் முடிவு.

பொதுக்குழுவுக்கு நீங்களே வாருங்கள். வர முடியாவிட்டால் எழுத்தில் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள், அதைக் கூட்டத்தில் முழுதாக வாசிப்போம். அதற்கு முன்பே பேச விரும்பினால், எந்த நாளும் மாலை 5 மணிக்கு மேல் தலைவரையோ என்னையோ அழைக்கலாம். அதற்குள் குன்னூர் வந்தால் சுவரை ஒருமுறை எங்களோடு வந்து பாருங்கள், மேஸ்திரியையும் வரச் சொல்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்
(தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் சார்பாக)

இணைப்பு:
1. மாதவாரி நிலுவைப் பட்டியல்
2. ஜனவரி 2025 பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல்
3. தடுப்புச் சுவர் மதிப்பீடும் புகைப்படங்களும்

நகல்: சங்கக் கோப்பு