சுற்றுச்சுவர் ஓரம் பள்ளம் தோண்டுவது பற்றி

நங்கநல்லூர், சென்னை
28-07-2025

அன்புள்ள சுந்தரம் சார், அம்மாவுக்கு,

வணக்கம். மொட்டைமாடியில் பேசியதை எழுத்தில் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆடி முடிந்ததும் ஆகஸ்ட் 20, புதன்கிழமை பள்ளம் எடுக்கத் தொடங்குகிறோம். நம் பொதுச் சுவரை ஒட்டி வருவது சம்ப்பும் மூன்று தூண் குழிகளும். சம்ப் 8 அடி ஆழம். போன வாரம் எங்கள் பக்கம் சின்னதாகக் குழி போட்டுப் பார்த்தோம். சுவரின் அஸ்திவாரம் 2 அடியோடு நின்றுவிடுகிறது. சுவரை ஒட்டியே சம்ப் போட்டால் இடம் மிச்சம் என்றார் மேஸ்திரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை, 5 அடி தள்ளிவிட்டேன். அப்படியும் அஸ்திவாரத்துக்குக் கீழே 6 அடி இறங்குவதால், அந்தப் பக்கத்து மண்ணைப் பலகையும் சவுக்குக் கட்டையும் கொடுத்து முட்டுக் கட்டாமல் விடமாட்டோம்.

தூண் குழிகள் சுவருக்கு இன்னும் கிட்டே. அங்கே ஜேசிபி வராது, கையால்தான் வெட்டுவார்கள். ஒரு குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, மண் மூடிய பிறகே அடுத்தது. வெட்டிய மண்ணோ ஜல்லியோ சுவரோரம் குவியாது. ஊற்று வந்தால் இஷ்டத்துக்கு மோட்டார் போட்டு இறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீரோடு மணலும் வந்தால் சுவருக்கு அடியில் பொந்து விழும். அக்டோபர் மழைக்கு முன் எல்லாக் குழியும் மூடியாக வேண்டும்.

அடுத்தது, சுவரின் இப்போதைய நிலையைப் பதிவு செய்வது. ஞாயிறு ஆடிப்பெருக்கு, அம்மாவுக்குச் சமையலறையில் வேலை இருக்கும். அதனால் ஆகஸ்ட் 2, சனி காலை 9.30க்கு எங்கள் இன்ஜினீயர் வருவார். சுவரின் இரண்டு பக்கம், உங்கள் போர்ட்டிகோ தரை, பாத்ரூம் சுவர், சுவரோரச் சாக்கடைத் தொட்டி எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுப்பார். கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் ஒரு விரிசல் இருக்கிறதே, பிளேடு நுழையும் அளவுக்கு, அதன் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டு, குறுக்கே சிமெண்டால் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டுவோம். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வேலையை நிறுத்திச் சுவருக்கு முட்டுக் கொடுப்போம். ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்துக் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும், தானாகவும் விரிசல் விடும். பழையது எது, புதியது எது என்று பின்னால் நமக்குள் பேச்சு வரக்கூடாது என்றுதான் இவ்வளவும். பதிவில் இல்லாத புது விரிசலோ, பெரிதான பழைய விரிசலோ என் செலவில் சரிசெய்கிறேன். இன்ஜினீயர் கூலியும் என்னுடையது. உங்களுக்கு நம்பிக்கையானவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் நிம்மதி. குழி மூடியதும் ஒரு முறை, மழை ஓய்ந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு முறை, அதே இடங்களை மறுபடி படம் எடுப்போம். ஒவ்வொரு பதிவிலும் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.

சரி என்றால் கூட உள்ள நகலில் கையெழுத்திட்டு என் பையனிடம் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், துணி காயப்போடும் கொடியைச் சுவர்க் கொக்கியிலிருந்து வேலை முடியும்வரை கழற்றி வைக்கச் சொல்லுங்கள், புழுதியும் பறக்கும்.

அன்புடன்,
ரவி
(பக்கத்து வீடு)