செப்டம்பர் 14 கூட்டம்: திருத்திய தீர்மானக் குறிப்பு

குடியிருப்போர் அனைவருக்கும்,

ஞாயிறு இரவு குரூப்பில் போட்ட குறிப்பை விட்டுவிடுங்கள். இனி இதுதான் கணக்கு. “குமார் பார்த்துக்கொள்வார்”, “தீபாவளிக்குள் முடித்துவிடலாம்” என்று அதில் இருந்ததால், யார், எப்போது என்று ஆளாளுக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது.

மழைநீர்க் குழிகள்: பொறுப்பு 2சி குமார் (எலெக்ட்ரீஷியன் குமார் அல்ல). செப்டம்பர் 28 ஞாயிறு மாலை 5 மணிக்குள் இரண்டு குழிகளையும் தூர் வாரி, கூழாங்கல்லைக் கழுவித் திரும்பப் போட்டிருக்க வேண்டும். மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, அது குழிக்குள் இறங்குவதை வீடியோ எடுத்துப் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வோம். ஆள் வந்துவிட்டுப் போனது கணக்கில் சேராது. செலவு ரூ. 6,000 வரை அவரே முடிவு செய்யலாம். மேலே போனால் பொருளாளரிடம் முதலில் கேட்க வேண்டும்.

சம்ப், மேல்தொட்டி சுத்தம்: பொறுப்பு 1ஏ செல்வி. அக்டோபர் 4 சனிக்கிழமை காலை 9 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. இதை அக்டோபர் 2 இரவு 8 மணிக்குள் லிஃப்ட் பக்கத்திலும் குரூப்பிலும் அறிவிப்பதும் அவர் பொறுப்புதான். தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தைய வாரத்திலேயே வேலையாட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால்தான் இவ்வளவு முன்னால் வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழையும் வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் தொடங்கும்.

மாடி ஒழுகல்: கூட்டத்தில் அதிக நேரம் ஓடியது இதில்தான், ஆனால் எந்த முறையில் அடைப்பது என்று முடிவாகவில்லை. முடிவானது ஒன்றே ஒன்று: பொருளாளர் ரவி (3பி) செப்டம்பர் 26 வெள்ளி இரவு 8 மணிக்குள் மூன்று கொட்டேஷன் வாங்கிக் குரூப்பில் போடுவார். மூன்றிலும் ஒரே சதுர அடி, ஒரே உத்தரவாதக் காலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. எதை எடுப்பது என்பதை அக்டோபர் 5 ஞாயிறு காலை 10 மணிக் கூட்டத்தில் வந்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள்.

கீழ்த்தளத் தண்ணீர் மோட்டார்: செப்டம்பர் 21 ஞாயிறு மதியம் 12 மணிக்குள் செயலாளரான நான் ஓட்டிப் பார்ப்பேன். வாட்ச்மேன் ஸ்விட்ச் போடுவார், அவ்வளவுதான், அவரைக் கேட்காதீர்கள்.

விருந்தினர் பார்க்கிங் பேசப்பட்டது, தீர்மானம் இல்லை. யாருக்கும் வேலையும் இல்லை.

தேதி தள்ளும் என்று தெரிந்தால், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாகவே பொறுப்பாளர் புதுத் தேதியைக் குரூப்பில் எழுத வேண்டும். பெயரோ தேதியோ தவறாக இருந்தால் புதன் (செப்டம்பர் 17) இரவு 9 மணிக்குள் எனக்குச் சொல்லுங்கள்.

மீனாட்சி, செயலாளர் (2ஏ)
செப்டம்பர் 15, 2025