இணைப்பு ஆ: வாடகைக்கு விட்ட வீட்டை வாங்கும் விருப்புரிமை

2025 மார்ச் 24 அன்று உரிமையாளரும் வாடகைதாரரும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தின் பகுதி இது. இரு தரப்பின் பெயர், முகவரி, சொத்து விவரம் ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் உள்ளபடியே இங்கும் பொருந்தும். வாங்குவது பற்றிய விஷயத்தில் ஒப்பந்தத்துக்கும் இந்த இணைப்புக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும்.

1. உரிமை. 1,440 சதுர அடி மனையையும் அதிலுள்ள தரைத்தளம், முதல் தளம் கொண்ட வீட்டையும் கீழ்க்கண்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் விருப்புரிமையை உரிமையாளர் வாடகைதாரருக்குத் தருகிறார். வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை வாடகைதாரருக்கு இல்லை. வாடகைதாரர் கேட்டால் விற்றாக வேண்டும் என்ற கடமை உரிமையாளருக்கு உண்டு. உரிமை நடப்பில் இருக்கும்வரை உரிமையாளர் வீட்டை வேறு யாருக்கும் விற்கவோ, விற்பனை முன்பணம் வாங்கவோ கூடாது.

2. விருப்புரிமைத் தொகை. இதற்காக வாடகைதாரர் ரூ. 1,50,000 வங்கி வழியாகச் செலுத்திவிட்டார். உரிமையாளர் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்கிறார். இது வாடகை முன்பணம் ரூ. 1,80,000-இல் சேராத தனித் தொகை. வாங்கினால் விலையில் முழுவதும் கழியும். வாங்காவிட்டால் திரும்பாது, 9, 10 பிரிவுகளில் சொன்னவை மட்டுமே விதிவிலக்கு.

3. விலை. அடிப்படை விலை ரூ. 72,00,000. வீட்டை வாங்குவதாக வாடகைதாரர் அனுப்பும் அறிவிப்பு 2026 செப்டம்பர் 30-க்குள் உரிமையாளர் கைக்குச் சேர்ந்தால் இதுவே விலை. அதற்குப் பின் சேர்ந்தால், 2026 அக்டோபர் முதல் முடிந்துபோன ஒவ்வொரு முழு மாதத்துக்கும் அடிப்படை விலையில் 0.4%, அதாவது ரூ. 28,800 கூடும். கூட்டுவட்டி போல ஏறிய தொகையின் மேல் மறுபடி ஏற்றம் போடக் கூடாது. அறிவிப்பு சேர்ந்த மாதம், அது மாதக் கடைசி நாளாகவே இருந்தாலும், கணக்கில் வராது. ஆகவே 2027 டிசம்பரில் அறிவிப்பு சேர்ந்தால் முடிந்த மாதங்கள் 14, விலை ரூ. 76,03,200. இதற்கு மேல் விலை போகாது.

சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் எந்தத் தரப்பும் மறு மதிப்பீடு கேட்க முடியாது. வாடகைதாரர் தம் செலவில் செய்த அலமாரி, வண்ணப்பூச்சு, குழாய் வேலை எதுவும் விலையை ஏற்றவோ குறைக்கவோ செய்யாது. இது மொத்த விலை, சதுர அடிக் கணக்கு அல்ல. ஆனாலும் பத்திரப் பதிவுக்கு முன் அளக்கும்போது மனை 1,410 சதுர அடிக்கும் குறைவாக இருந்தால், 1,440-இலிருந்து குறையும் ஒவ்வொரு சதுர அடிக்கும் ரூ. 3,000 குறைக்கப்படும்.

4. வாடகைக் கழிவு. முதல் ஆண்டு வாடகை மாதம் ரூ. 30,000, இரண்டாம் ஆண்டு ரூ. 31,500, மூன்றாம் ஆண்டு ரூ. 33,075. அந்தந்த மாத வாடகை அந்தந்த மாதத்திலேயே முன்கூட்டிக் கட்டப்பட வேண்டும். வாங்கினால் விலையில் கழியும் வாடகைப் பகுதியே கழிவு. வாடகை ஏறினாலும் கழிவு ஏறாது. மூன்று ஆண்டுக்கும் மாதம் ரூ. 6,000 மட்டுமே.

முழு வாடகையும் 7-ஆம் தேதிக்குள் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் வரவாகியிருந்தால் அந்த மாதத்துக்கு ரூ. 6,000. 8 முதல் 15 வரை வரவானால் ரூ. 3,000. அதற்குப் பின் வந்தால் கழிவு இல்லை. பாதி வாடகை 5-ஆம் தேதியும் மீதி 12-ஆம் தேதியும் வந்தால், முழுத்தொகை சேர்ந்த 12-ஆம் தேதிதான் கணக்கு. ரொக்கமாகக் கொடுத்தால் வாடகை தீரும், கழிவு கிடைக்காது. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பராமரிப்புத் தொகை, தாமதக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கழிவு கிடையாது.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20-க்குள் உரிமையாளர் அதுவரை சேர்ந்த கழிவை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 30 நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் அந்தக் கணக்கு இறுதி. சச்சரவு வந்தால் ரசீதைவிட வங்கிக் கணக்கு அறிக்கையே சான்று.

விளக்கம்: கழிவு என்பது வாடகைதாரரின் சேமிப்பு அல்ல, உரிமையாளர் கையில் வைப்பாக இருக்கும் பணமும் அல்ல. கட்டியது முழுவதும் வாடகைதான். வாங்கினால் மட்டும் அதில் ஒரு பகுதி விலையில் கழியும். 9-ஆம் பிரிவில் சொன்னது தவிர, வாங்காமல் வீட்டைக் காலி செய்பவர் இதைப் பணமாகத் திருப்பிக் கேட்க முடியாது.

5. அறிவிப்பு. 2025 அக்டோபர் 1 முதல் 2027 டிசம்பர் 31 மாலை 5 மணி வரை உரிமையாளரிடம் சேரும்படி, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பிய தேதி அல்ல, சேர்ந்த தேதியே கணக்கு. உரிமையாளர் தபாலைப் பெற மறுத்துத் திருப்பினால், மறுத்த தேதியில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். “கடன் கிடைத்தால் வாங்குகிறேன்”, “விலை குறைத்தால் வாங்குகிறேன்” என்று நிபந்தனையோடு எழுதியது அறிவிப்பு ஆகாது. அறிவிப்பு சேரும் நாளில் இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால், 15 நாளுக்குள் கட்டினால்தான் அறிவிப்பு செல்லும். இந்த அவகாசம் ஒரு முறைதான்.

6. பத்திரப் பதிவு. அறிவிப்பு சேர்ந்த 75 நாளுக்குள் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாடகைதாரர் பொறுப்பு. பதிவு நாள் வரையிலான சொத்து வரியும் பழைய பாக்கிகளும் உரிமையாளர் பொறுப்பு. பத்திரத்தில் எழுத வேண்டியது 3-ஆம் பிரிவின்படியான முழு விலை. கழிவு போக மீதத்தை மட்டும் விலையாக எழுதக் கூடாது. சட்டப்படி பிடித்தம் செய்ய வேண்டிய வரியும் முழு விலை மீதே.

7. கணக்குத் தீர்வு. பதிவு நடக்கும் மாதத்துக்குக் கழிவு இல்லை; பதிலாக, பதிவுக்கு மறுநாள் முதல் மாதக் கடைசி வரையிலான வாடகை திரும்பும். உதாரணம்: அறிவிப்பு 2027 பிப்ரவரி 10-இல் சேர்ந்து, பதிவு ஏப்ரல் 20-இல் நடக்கிறது. முடிந்த மாதங்கள் 4, விலை ரூ. 73,15,200. அதில் விருப்புரிமைத் தொகை ரூ. 1,50,000 கழியும். 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை 24 மாதங்களில் 21 மாதம் நேரத்தோடும், 2 மாதம் 15-க்குள்ளும், 1 மாதம் அதற்குப் பின்னும் வாடகை வந்திருந்தால் கழிவு ரூ. 1,32,000. ஏப்ரலின் 10 நாள் வாடகை ரூ. 11,025. கட்ட வேண்டியது ரூ. 70,22,175. வாடகை முன்பணம் ரூ. 1,80,000-ஐ இதில் கழிக்கச் சொல்லவோ தனியே திரும்பப் பெறவோ வாடகைதாரருக்கு உரிமை உண்டு.

8. அடமானம். வீட்டின் மீதுள்ள வங்கிக் கடனை உரிமையாளர் தவணை தவறாமல் கட்ட வேண்டும். பதிவன்று வாடகைதாரர் தர வேண்டிய தொகையிலிருந்து வங்கிக்கு நேராகக் கொடுத்துக் கடனை முடித்து, அசல் பத்திரங்கள் மீட்கப்படும். உரிமை நடப்பில் இருக்கும்போது புதுக் கடனோ கூடுதல் கடனோ வாங்கக் கூடாது. விலையைவிடக் கடன் அதிகமானால் கிரயமே நின்றுபோகும் என்பதால் இதில் தளர்வு இல்லை. ஆண்டுக்கொரு முறை வில்லங்கச் சான்றும் கடன் நிலுவைக் கடிதமும் உரிமையாளர் காட்ட வேண்டும்.

9. உரிமையாளர் தவறினால். பதிவுக்கு வராவிட்டாலோ வில்லங்கம் தீராவிட்டாலோ, வாடகைதாரர் நீதிமன்றம் வழியாகக் கிரயத்தைக் கேட்கலாம். அல்லது விருப்புரிமைத் தொகையையும் அதுவரை சேர்ந்த கழிவையும் ஆண்டுக்கு 9% வட்டியுடன் திரும்பப் பெறலாம். அறிவிப்பு கொடுத்துவிட்டு வாடகைதாரர் 75 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் உரிமை முடிந்துபோகும். வாடகை ஒப்பந்தம் மட்டும் தொடரும்.

10. சேதம். தீ, வெள்ளம் போன்றவற்றால் வீடு வசிக்க இயலாமல் போனால், காப்பீட்டுத் தொகையை விலையில் கழித்து வாங்கவோ, விருப்புரிமைத் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகவோ வாடகைதாரர் 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம்.

11. மற்றவை. இந்த உரிமை இரு தரப்பின் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் வாடகைதாரர் இதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. வாடகை ஒப்பந்தம் எக்காரணத்தால் முன்கூட்டியே முடிந்தாலும் இந்த உரிமையும் அன்றே முடியும். உரிமையாளரின் தவறால் முடிந்திருந்தால் 9-ஆம் பிரிவு பொருந்தும். இந்த இணைப்பை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும், செலவு சரிபாதி. 2 அசல் பிரதிகள், ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தோடு, தரப்புக்கு ஒன்றாக இருக்கும்.