ஆபத்தான மரத்தைத் தறிக்க அனுமதி கோரல்

செயலாளர்,
பிரதேச சபை,
சுன்னாகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு உரித்தான குடியிருப்புக் காணியின் கிழக்கு மதிலோரம் நிற்கும் ஏறத்தாழ 40 அடி உயரமான வேப்பமரம், கடந்த கார்த்திகை மழையில் வேரடி மண் அரிக்கப்பட்டதால், அயல்வீட்டுக் கூரைக்கும் ஒழுங்கையால் செல்லும் மின்கம்பிகளுக்கும் மேலாகச் சாய்ந்துள்ளது. அடிமரமும் கோறையாகிவிட்டது. என் தந்தையார் நட்ட மரம் என்பதால் பாரமான கிளைகளை மட்டும் வெட்டிக் காப்பாற்ற முயன்றேன். ஆயினும் சாய்வு கூடியதேயன்றிக் குறையவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தினமும் அதன் கீழாகவே நடந்து செல்கின்றனர்.

ஆகவே, தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் மரத்தை நேரில் பார்வையிட்டபின், அதனை என் செலவில் தறிக்க அனுமதி வழங்குமாறும், தறிக்கும் நாளில் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு மின்சார சபைக்கு அறிவிக்குமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

காணி உறுதிப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், அயலவரின் சம்மதக் கடிதம், புகைப்படங்கள் ஆகியன இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
ம. தவராணி
காணி உரிமையாளர்