க.பொ.த சாதாரண தரம் 2024 (2025): எங்கள் 31 பிள்ளைகளின் பெறுபேறு

பெற்றோர், பழைய மாணவர், முத்தையன்கட்டு ஊரவர் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் சந்தோசமான செய்தி. எமது பாடசாலை மாணவி கவிநிலா ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்றுள்ளார். துஷியந்தன் 8ஏ, 1பி பெற்றுள்ளார். அபிசனா 7ஏ, 2பி பெற்றுள்ளார். மூவருக்கும் எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்.

இது எப்படி வந்த பெறுபேறு என்பது ஊருக்குத் தெரியும். தரம் 10 முழுவதும் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, தொண்டராசிரியர் ஒருவர்தான் தாங்கிக்கொண்டார். பின்னேர வகுப்பை ஐந்து மணிக்கு மேல் இழுக்க முடியாது, குளக்கட்டுப் பக்கம் யானை இறங்கிவிடும். அதனால் விடிந்ததும் ஆறரைக்கு வகுப்பு வைத்தோம். கவிநிலாவின் கணிதக் கொப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிழைத்த கணக்கை அவர் வெட்டமாட்டார். எந்த வரியில் பிழைத்தது என்று பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைப்பார். அந்தக் கொப்பியை இப்போது தரம் 10 பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். துஷியந்தனுக்குக் கேத்திர கணிதம் ஏறினது அந்தக் கொப்பியால்தான் என்று அவரே சொல்கிறார். அபிசனா மார்ச் மாதம் பரீட்சை நடந்த நாட்களிலும் வீட்டில் அரிவு வெட்டுக்காரருக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார்.

தோற்றிய 31 பேரில் 21 பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றுள்ளனர். மற்றப் பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கணிதம் ஒன்றுதான் குறை. ஆசிரியர் இல்லாத அந்த வருடத்தின் கணக்கு அவர்களின் தலையில் விழுந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று யாரும் எழுத வேண்டாம். பெயர் சொல்லலாம் என்று சம்மதித்ததால் ஒன்றைச் சொல்கிறோம்: கணிதம் தவறிய நிரோஜன் சித்திரத்தில் ஏ, விவசாயத்தில் பி. எமது சரஸ்வதி பூசை மேடையின் திரைச்சீலை அவர் வரைந்ததுதான்.

வழமையாகப் பாடசாலைகள் செய்வதுபோல் சித்தி வீதம் போட்டுப் பெரிய பதாகை அடிக்கவில்லை. முதல் மூவரின் படம் வாசலில் இருக்கும், அது அவர்களுக்கு உரியது. ஆனால் முழுப் பெறுபேற்றுப் பட்டியலை விளம்பரப் பலகையில் ஒட்டமாட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பாசிரியரிடம் தனியாக வந்து தாளைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கண்டிப்பாகவே. சுட்டெண் தெரிந்தால் யாரும் doenets.lk இணையத்தளத்தில் எவருடைய பெறுபேற்றையும் பார்க்கலாம். அதற்காக அயல்வீட்டுப் பிள்ளையின் சுட்டெண்ணைத் தேடி எடுத்துப் பார்க்காதீர்கள், வட்சப் குழுவில் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் பெரியப்பா, மாமிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: "எத்தனை ஏ?" என்ற கேள்வியை முதற்கேள்வியாகக் கேட்காமல் "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களாகவே சொல்வார்கள்.

சுவிஸில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் 9ஏ எடுத்தவருக்குக் கைத்தொலைபேசி வாங்கித் தர முன்வந்தார். கவிநிலாவிடமும் பேசி, அந்தப் பணத்தைத் திரும்பத் தோற்றுவோரின் கணித வகுப்புக்குப் பயன்படுத்த அந்தப் பழைய மாணவர் இணங்கியிருக்கிறார். கவிநிலா தனக்குக் கேட்டது ஒரு சைக்கிள். உயர்தரத்தில் உயிரியல் படிக்க விரும்புகிறார், எமது பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். சைக்கிளை அபிவிருத்திச் சங்கம் வாங்கிக் கொடுக்கும்.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கடைசி நாள்வரை காத்திராமல் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள், படிவத்தைப் பாடசாலைக் கணினியிலேயே நிரப்பித் தருவோம். கணிதம் திரும்ப எழுதுவோருக்கு ஆறரை மணி வகுப்பு அடுத்த திங்கள் தொடங்கும், கட்டணம் இல்லை. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்துறைப் பாடங்களோடு தொடரக்கூடிய 13 வருட உத்தரவாதக் கல்வி இருக்கிறது, அதை நடத்தும் பாடசாலைகளின் விபரம் அலுவலகத்தில் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தைப் பார்க்க விரும்புவோர் பெயர் கொடுத்தால் ஒரு நாள் எல்லாரையும் கூட்டிப் போகலாம். கைத்தொழில் கற்பது படிக்காதவர் போகும் வழி என்று நினைக்கும் பெற்றோரும் கூட வாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனை முடிய 31 பேருக்கும் மாலை போட்டு வரவேற்கிறோம். மூவருக்குப் பரிசு, எல்லாருக்கும் பாயாசமும் வடையும். பெற்றோர் 8.30 மணிக்கு மண்டபத்தில் இருக்கவும். தோட்ட வேலை உள்ளவர்கள் சேற்றுக் காலோடு வந்தாலும் கதிரை இருக்கும்.

அதிபர், ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம்