முதல் நியூரோ குவிஸுக்கு நோட்ஸ்: நியூரானோட பாகம், வடிவம், வேலை

ஃபர்ஸ்ட் இயர் பிசியோ பசங்களுக்கு. திங்கக்கிழமை குவிஸுக்கு நியூரான் அனாட்டமியும் வகைப்பாடும் மட்டும்தான், ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் அடுத்த குவிஸுக்குன்னு மேடம் தெளிவா சொல்லிட்டாங்க, அதனால சோடியம் உள்ள போகுதா வெளிய வருதான்னு இப்பவே மண்டைய உடைச்சுக்காதீங்க. இருபது கேள்வி, ஒரு படம், படத்துல பாகங்களுக்குப் பேர் எழுதணும். படம் ஈஸி. மார்க் போறது எல்லாம் வகைப்பாட்டுலதான், அதனால அதுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கப் போறேன்.

பாகங்களை மேல இருந்து கீழ மனப்பாடம் பண்ணாம சிக்னல் போற வழியிலயே போங்க. உள்ள வர்றது டென்ட்ரைட் வழியா. அது கிளை கிளையா பிரியும், செல் உடலை விட்டுத் தள்ளிப் போகப் போக மெலிஞ்சுகிட்டே போகும், நிறைய நியூரான்ல அது மேல குட்டி குட்டி முள்ளு மாதிரி ஸ்பைன் இருக்கும், சிக்னலைத் தூண்டுற சைனாப்ஸ்ல பெரும்பங்கு அந்த ஸ்பைன் மேலதான் உட்காரும். அங்கிருந்து சிக்னல் செல் உடலுக்கு வருது. சோமா, பெரிகேரியான், ஸ்கூல் புக்ல சைட்டான், எல்லாம் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுது, குவிஸ்ல எது வந்தாலும் பயப்படாதீங்க.

சோமாக்குள்ள நியூக்ளியஸ் இருக்கு, கூடவே நிஸ்ல் துகள். நிஸ்ல் துகள்னா ரஃப் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலமும் ரைபோசோமும் குவிஞ்சு கிடக்குற இடம், அதாவது புரோட்டீன் தயாராகுற இடம். இது சோமால இருக்கும், டென்ட்ரைட்டோட தொடக்கத்துலயும் இருக்கும், ஆனா ஆக்ஸான் ஹில்லாக்லயும் ஆக்ஸான்லயும் இருக்காது. "கிரெசில் வயலெட் போட்ட ஸ்லைடுல எந்தப் பக்கம் வெளுப்பா தெரியும்"னு கேட்டா ஹில்லாக்னு எழுதுங்க. அந்த ஒரு வரி தெரிஞ்சா மைக்ராஸ்கோப்ல ஆக்ஸான் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கலாம்.

ஹில்லாக்ங்கிறது சோமால இருந்து ஆக்ஸான் கிளம்புற கூம்பு மாதிரி மேடு. அதை ஒட்டி ஆக்ஸானோட முதல் துண்டு இருக்கு, அதுக்கு இனிஷியல் செக்மென்ட்னு பேர், வோல்டேஜுக்குத் திறக்குற சோடியம் சேனல் அங்க நெருக்கமா இருக்கு, அதனால சாதாரண பலமுனை நியூரான்ல இம்பல்ஸ் கிளம்புறது அங்கதான். பழைய புக்ல ஹில்லாக்லயே கிளம்புதுன்னு இருக்கும். ரெண்டும் ஆப்ஷன்ல வந்தா இனிஷியல் செக்மென்ட், ஹில்லாக் மட்டும் இருந்தா ஹில்லாக், அவ்ளோதான், இதுக்குப் போய் மேடம்கிட்ட சண்டை போட வேணாம்.

ஆக்ஸான் ஒரு நியூரானுக்கு ஒண்ணுதான். கிளை விடும், கொலேட்டரல்னு சொல்வாங்க, ஆனா கிளம்புறது ஒண்ணுதான். டென்ட்ரைட் மாதிரி போகப் போக மெலியாம ஏறக்குறைய ஒரே பருமன்ல போகும். நீளம்தான் ஆச்சரியம்: கீழ் முதுகுத்தண்டுல செல் உடல் இருக்குற மோட்டார் நியூரானோட ஆக்ஸான் பாதத்துல இருக்குற சின்னத் தசை வரைக்கும், பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட 1 மீட்டர் போகுது, செல் உடலோ மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குக்கு மேல தேறாது. ஆக்ஸான்ல புரோட்டீன் தயாராகுறது ரொம்பக் குறைவு, அப்போ அந்தக் கடைசி முனைக்குத் தேவையான சாமான்ல பெரும்பாலானது சோமால இருந்துதான் போயாகணும். மைக்ரோடியூபியூல் தண்டவாளம், கைனெசின் சோமால இருந்து முனைக்கு இழுக்குது, டைனீன் முனையில இருந்து சோமாவுக்குத் திருப்பி இழுக்குது. ரேபிஸ் வைரஸ் கடிச்ச இடத்துல இருந்து மேல ஏறுறது இந்த டைனீன் ரூட்லதான், டெட்டனஸ் டாக்ஸினும் அப்படித்தான். கிளினிக்கல் கேள்வி வந்தா இதுல இருந்துதான் வரும்.

மையலின் நியூரானோட பாகம் இல்ல. படத்துல ஆக்ஸானைச் சுத்தி வரைஞ்சிருக்கறதால அப்படித் தோணும், ஆனா அதைச் செய்யறது கிளையா செல். மூளை, தண்டுவடத்துல ஒலிகோடெண்ட்ரோசைட், வெளிய போற நரம்புல ஷ்வான் செல். ஒரு ஒலிகோடெண்ட்ரோசைட் பல ஆக்ஸானுக்கு மையலின் சுத்தும், ஒரு ஷ்வான் செல் ஒரே ஆக்ஸான்ல ஒரே ஒரு துண்டுக்குத்தான் சுத்தும். இந்த வித்தியாசம் தெரிஞ்சா மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ல மூளையும் தண்டுவடமும் ஏன் பாதிக்குது, கியாங்-பாரேல ஏன் வெளி நரம்பு பாதிக்குதுன்னு தானா புரியும். ரெண்டு மையலின் துண்டுக்கு நடுவுல இருக்குற இடைவெளி ரான்வியர் கணு, சோடியம் சேனல் அங்க குவிஞ்சிருக்கு, இம்பல்ஸ் கணுவுக்குக் கணு தாவிப் போகுது. தடிமனான மையலின் ஆக்ஸான்ல வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவுக்குப் போகும், மையலின் இல்லாத மெல்லிசான சி ஃபைபர்ல நொடிக்கு 1 மீட்டர் சுமாருக்குத்தான். கால் கட்டைவிரலை இடிச்சதும் முதல்ல சுருக்குனு ஒரு வலி, அப்புறம் மெதுவா எரிச்சலா இன்னொரு வலி வருதே, அந்த ரெண்டாவதைக் கொண்டு வர்றது சி ஃபைபர்.

கடைசில ஆக்ஸான் முனை, உள்ள வெசிக்கிள், வெசிக்கிள்குள்ள நியூரோடிரான்ஸ்மிட்டர். அடுத்த செல்லுக்கும் இதுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு 20 நானோமீட்டர் சுமார். ஒட்டிக்கிட்டு இல்லைங்கிறதுதான் முக்கியம். கோல்ஜி 1873ல வெள்ளிச் சாயம் போடற முறையைக் கண்டுபிடிச்சார், காஹால் அதே சாயத்தை வெச்சுப் பார்த்து நியூரான் எல்லாம் தனித்தனி செல்னு சொன்னார், கோல்ஜியோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிப்போன வலைன்னு பிடிவாதமா இருந்தார், 1906ல ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் குடுத்தாங்க, மேடைல கூட கோல்ஜி விட்டுக் குடுக்கல. யார் எந்தக் கட்சின்னு கேட்டா மாத்தி எழுதிடாதீங்க.

இப்போ வகைப்பாடு. வடிவத்தை வெச்சுப் பிரிக்கறது ஒரு கேள்வி, வேலையை வெச்சுப் பிரிக்கறது வேற கேள்வி. "இருமுனைன்னா சென்சரி, பலமுனைன்னா மோட்டார்"னு ஒரு குறுக்குவழி வருஷா வருஷம் ஜெராக்ஸ்ல சுத்திட்டு இருக்கு, அதைக் கிழிச்சுப் போடுங்க, குவிஸ்ல பொறி வைக்கறதே அங்கதான்.

வடிவம்னா சோமால இருந்து எத்தனை நீட்சி கிளம்புதுன்னு எண்ணறது. பலமுனை: ஒரு ஆக்ஸான், பல டென்ட்ரைட். நம்ம உடம்புல பெரும்பாலானது இந்த வகைதான், தண்டுவடத்து மோட்டார் நியூரான், கார்டெக்ஸ்ல பிரமிடு வடிவ நியூரான், சிறுமூளைல பர்கின்ஜி செல் எல்லாம் இதுல வரும். இருமுனை: ஒரு பக்கம் டென்ட்ரைட், எதிர்ப்பக்கம் ஆக்ஸான், விழித்திரை, மூக்கோட வாசனை எபிதீலியம், உள்காதோட ஸ்பைரல் கேங்கிலியான், இந்த மூணு இடம் போதும். உண்மையான ஒருமுனை நியூரான் பூச்சி மாதிரி முதுகெலும்பில்லாத உயிர்ல சாதாரணம், மனுஷன்ல அதைத் தேடாதீங்க. ஆக்ஸானே இல்லாத நியூரானும் இருக்கு, விழித்திரைல இருக்குற அமாக்ரைன் செல்லை உதாரணமா எழுதுங்க.

போலி ஒருமுனை வகையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. டார்சல் ரூட் கேங்கிலியான்ல இருக்குற நியூரான்ல சோமால இருந்து ஒரே ஒரு நீட்சி கிளம்பி டி எழுத்து மாதிரி ரெண்டாப் பிரியும், ஒண்ணு தோல் பக்கம் போகும், இன்னொண்ணு தண்டுவடத்துக்குள்ள போகும். கரு வளர்ச்சில இது இருமுனையாத்தான் ஆரம்பிச்சது, அப்புறம் ரெண்டு நீட்சியும் அடியில ஒண்ணாச் சேர்ந்துடுச்சு, அதான் போலி. சோமா மெயின் ரோட்டை விட்டு ஒதுங்கி நிக்கற வீடு மாதிரி, சிக்னல் அங்க அனுமதி கேட்டு நிக்காம நேரா போயிடும். ரெண்டு கிளையும் அமைப்புல ஆக்ஸான்தான், இம்பல்ஸும் ஹில்லாக் பக்கத்துல கிளம்பாது, தோல்ல இருக்குற முனைக்குப் பக்கத்துலயே கிளம்பிடும். மேல இனிஷியல் செக்மென்ட் பத்திச் சொல்றப்ப "சாதாரண பலமுனை"ன்னு சேர்த்துச் சொன்னது இதுக்காகத்தான்.

வேலைன்னா திசை. மைய நரம்பு மண்டலத்துக்குள்ள சேதி கொண்டு வந்தா சென்சரி, அஃபரென்ட். வெளிய தசைக்கோ சுரப்பிக்கோ கொண்டு போனா மோட்டார், எஃபரென்ட். நடுவுல நிக்கறதெல்லாம் இன்டர்நியூரான், எண்ணிக்கைல இதுதான் மிக அதிகம். முழங்கால் சுத்தியல் டெஸ்ட்ல மூணும் கிடைக்கும்: பட்டெல்லா டெண்டன்ல தட்டினதும் குவாட்ரிசெப்ஸ் நீளுது, தசைக்குள்ள இருக்குற ஸ்பிண்டில்ல இருந்து சென்சரி நியூரான் டார்சல் ரூட் வழியா உள்ள வந்து நேரா மோட்டார் நியூரானைத் தொடுது, மோட்டார் ஆக்ஸான் வென்ட்ரல் ரூட் வழியா வெளிய போயி குவாட்ரிசெப்ஸைச் சுருக்குது. நடுவுல ஒரே சைனாப்ஸ், இந்தப் பாதைல இன்டர்நியூரான் கிடையாது. அதே சென்சரி நியூரானோட இன்னொரு கிளை ஒரு இன்டர்நியூரானைத் தொடும், அது பின்தொடைத் தசையோட மோட்டார் நியூரானை அடக்கிவிடும். "முழங்கால் ரிஃப்ளெக்ஸ்ல இன்டர்நியூரான் உண்டா"ன்னு கேட்டா எந்தப் பாதைன்னு பார்த்துட்டு எழுதுங்க.

இப்போ பொறிகள். விழித்திரையோட இருமுனை செல் சென்சரியா? இல்ல, ஒளியைப் பிடிக்கறது ராடும் கோனும், இருமுனை செல் அதை கேங்கிலியான் செல்லுக்குக் கடத்துற இடையாள், வடிவத்துல இருமுனை, வேலைல இன்டர்நியூரான். ஆனா மூக்குல இருக்குற இருமுனை நியூரான் நிஜமாவே சென்சரி, வாசனையை அதுவே பிடிக்குது. ஒரே வடிவம், ரெண்டு வேலை.

பலமுனைன்னா எல்லாம் மைய நரம்பு மண்டலத்துக்குள்ளதான் இருக்குமா? இல்ல, தன்னியக்க கேங்கிலியான்ல இருக்குற நியூரானும் பலமுனைதான், செல் உடல் வெளிய இருக்கு, வேலை எஃபரென்ட்.

இன்டர்நியூரான்னா அடக்குறது மட்டும்தானா? அதுவும் இல்ல, தூண்டுற இன்டர்நியூரானும் இருக்கு. தலைகீழா, பர்கின்ஜி செல் சிறுமூளை கார்டெக்ஸை விட்டு வெளிய ஆக்ஸான் அனுப்புது, அதனால அது ப்ரொஜெக்‌ஷன் நியூரான், ஆனா விடுறது காபா, அடக்குற வேலை. இங்க ஒரு குழப்பம் வரும்: சென்சரி, மோட்டார், இன்டர்நியூரான்னு மூணே பெட்டி குடுத்தா பர்கின்ஜி இன்டர்நியூரான் பெட்டிக்குள்ளதான் விழும், "லோக்கலா, ப்ரொஜெக்‌ஷனா"ன்னு கேட்டா ப்ரொஜெக்‌ஷன். ஆக்ஸான் நீளத்தை வெச்சு கோல்ஜி டைப் ஒண்ணு, டைப் ரெண்டுன்னு கேட்டாலும் இதே கதைதான்: நீளமா வெளிய போனா டைப் ஒண்ணு, பக்கத்துலயே முடிஞ்சா டைப் ரெண்டு.

படத்துக்கு ஒரு விஷயம். பெரும்பாலும் மையலின் போட்ட மோட்டார் நியூரான் படம்தான் வரும். முதல்ல சோமாவைக் குறிங்க, அப்புறம் அதுல இருந்து கிளம்புறதுல மெலியாம ஒரே பருமனா நீளமா போறது எதுன்னு பார்த்து ஆக்ஸான்னு எழுதுங்க, மத்ததெல்லாம் டென்ட்ரைட். அம்புக்குறி மையலின் மேல நிக்குதா, ரெண்டு துண்டுக்கு நடுவுல கணு மேல நிக்குதான்னு பேப்பரைக் கிட்ட வெச்சுப் பாருங்க, பிரிண்ட் அவ்ளோ தெளிவா இருக்காது. சிக்னல் திசைக்கு அம்பு போடச் சொன்னா டென்ட்ரைட்ல இருந்து சோமா, சோமால இருந்து முனை. போலி ஒருமுனை படம் குடுத்திருந்தா மட்டும் தோல் பக்கத்துல இருந்து தண்டுவடத்துக்கு நேரா ஒரே கோடா போடுங்க, சோமாக்குள்ள அம்பை வளைச்சுக் கொண்டு போகாதீங்க.