நிழல்தாங்கலில் ஓர் உச்சிவேளை: களக் குறிப்பேடு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு இரவு
தாள்: தென் திருவிதாங்கூரின் சமயமும் சமூகமும்

இதுவரை காலடி வைக்காத ஒரு வழிபாட்டுத் தலத்துக்குச் சென்று, ஒரு வழிபாடு முழுவதற்கும் உடனிருந்து, அன்றிரவே அதைப் பற்றி எழுத வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. வகுப்பில் சிலர் திருவிதாங்கோட்டு அரைப்பள்ளியையும், சிலர் தக்கலைப் பீரப்பா தர்காவையும் தேர்ந்தெடுத்தனர். குழித்துறையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் பேருந்தின் சன்னல் வழியே சிறுவயது முதல் நான் பார்த்து வரும், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரம்கூட இல்லாத நிழல்தாங்கல் ஒன்றை, அதாவது அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் சிறு வழிபாட்டிடம் ஒன்றை, நான் தேர்ந்தெடுத்தேன். இவ்வளவு அருகில் இருப்பதை எப்படி அறியாத இடம் என்று சொல்வாய் என்று நண்பன் சிரித்தான். அதன் கூரையும் கொடியும் மட்டுமே எனக்குத் தெரியும் என்றேன்.

நாங்கள் நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வேறோர் ஆலயத்துக்குப் போவதாகச் சொன்னபோது அம்மா தடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசவும் இல்லை.

காலை பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்த பெரியவர் ஒருவர், நான் யார் வீட்டுப் பையன் என்று கேட்டார்; தாத்தாவின் பெயரைச் சொன்னதும், அவரோடு ஒரே பள்ளியில் படித்ததாகச் சொல்லி, "வந்தது நல்லது மக்களே, சட்டையைக் கழற்றி அங்கே மாட்டு" என்றார். பிறகு தம் தோளில் கிடந்த துண்டையே எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். நான் வளர்ந்த சபையில் நல்ல சட்டை அணிந்து போவது மரியாதை. ஆண்கள் ஜெபிக்கும்போது தலையில் எதுவும் இருக்கக் கூடாது. இங்கே இரண்டும் தலைகீழாக இருந்தன. கண்ணுக்கு முன்னால் புதிதாக ஒன்றும் நிகழ்வதற்கு முன்பே, உடம்பு கூசிப்போனது.

தலைப்பாகைக்கான காரணத்தை வகுப்பில் படித்திருந்தேன். அன்றைய திருவிதாங்கூரில் நாடார்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட பிற சாதியினரும் தலையில் துண்டு கட்டக் கூடாது. மேல்சாதியாரைக் கண்டால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரையே மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியிருந்தது என்பது அய்யா வைகுண்டரைப் பற்றி அவர் வழி வந்தோர் சொல்லும் செய்தி. அவரே பின்னாளில் தம் மக்கள் எல்லாரையும் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். தேர்வுக்காகப் படித்தபோது இது ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடையாக இருந்தது. ஈரம் காயாத ஒரு துண்டை இன்னொருவர் கை இழுத்து முடிச்சிட்டபோது அப்படித் தோன்றவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. மார்பை மூடாமல் நிற்பதும் அக்காலத்தில் மேலோர் முன் கீழோருக்கு விதிக்கப்பட்டதுதான்; பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டம் 1820களில் தொடங்கி, 1859இல் அரசர் ஆணை பிறப்பித்த பின்பே தணிந்தது. அப்படியிருக்க, தலைக்குத் துணி கொடுத்த வழிபாடு, ஆண்களின் தோளிலிருந்து துணியை ஏன் எடுத்தது? பெரியவரிடம் கேட்டேன். "அது அய்யாவுக்கு முன்னால் நிற்கிற முறை" என்று மட்டும் சொன்னார். அந்த விடை எனக்குப் போதவில்லை. அவருக்குப் போதுமானதாக இருக்கிறது என்பதையும் நான் குறித்துக்கொள்ள வேண்டும்.

உச்சிப்படிப்பு பன்னிரண்டு மணியளவில் தொடங்கியது. ஒருவர் முன்னே சொல்ல மற்றவர்கள் தொடர்ந்தார்கள். "அய்யா சிவசிவா அரகரா" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. எங்கள் சபையின் லித்தானியாவில் போதகர் சொல்ல நாங்கள் பதில் சொல்வது நினைவுக்கு வந்தது. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டுபிடித்து மகிழ்வதில் ஒரு சோம்பல் இருக்கிறது என்று எங்கள் ஆசிரியை எச்சரித்திருந்ததால், அதை அங்கேயே விட்டுவிட்டேன். சமஸ்கிருதம் ஒரு வரியும் இல்லாமல் முழுவதும் தமிழிலேயே நடந்தது. எனக்கு அடுத்து நின்ற பெண்மணி பாதிப் பாடலை எங்கள் ஊர் மலையாள நெடியோடு பாடினார்.

கருவறை போன்ற பள்ளியறை திறந்திருந்தது. நின்ற இடத்திலிருந்தே குறிப்பேட்டில் நான் எழுதிய முதல் வரி இது: "உள்ளே விக்கிரகம் இல்லை, கண்ணாடி மட்டும் இருக்கிறது." அதன் முன் இரண்டு விளக்குகள் எரிந்தன. பெரியவர் மெதுவாக என் கையிலிருந்த பேனாவைக் காட்டி, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது போலத் தலையசைத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வரிசை நகர்ந்து என் முறை வந்தபோது, கண்ணாடியில் தலைப்பாகையோடு ஒருவன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் பெண்களும் இடுப்பில் குழந்தைகளும் தெரிந்தார்கள். அவர்களை மறைக்கிறேன் என்ற எண்ணத்தில் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கினேன். யாரோ என் முழங்கையைப் பிடித்து மறுபடியும் நடுவில் நிறுத்தினார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்தில் நான் எதையும் பார்வையிடவில்லை.

இன்றிரவு இதை எழுதும் முன் அந்த முதல் வரியைப் படித்தேன். "மட்டும்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் ஒருவர், கண்ணாடியைக் கும்பிடுகிறவர்கள் என்று ஏளனமாகச் சொல்ல, நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு என் கையெழுத்தில் இருந்திருக்கிறது. சொல்லை அடித்திருக்கிறேன், ஆசிரியை பார்க்க வேண்டும் என்பதால் அழிக்கவில்லை.

திருமண் நாமம் இடும் வேளையில் தயங்கினேன். துண்டு கட்டிக்கொண்டது விருந்தினன் செய்யும் மரியாதை, நாமம் இட்டுக்கொள்வது விசுவாச அறிக்கை என்று மனம் தானாகவே ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று எனக்கு உறுதி இல்லை. பணிவிடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னா வேண்டாம், கஞ்சி குடிக்காமல் மட்டும் போகக் கூடாது" என்று அடுத்தவரிடம் நகர்ந்தார்.

கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் எல்லாருக்கும் ஒரே வரிசையில் பரிமாறப்பட்டன. வைகுண்டர் வாழ்ந்த சுவாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் பல சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்துக் குளித்த செய்தியை அங்கேதான் பெரியவர் சொன்னார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்து என்றே பதிவாகிறீர்களே, நீங்கள் அப்படித்தான் எண்ணுகிறீர்களா என்று கேட்டேன். எதிரில் அமர்ந்திருந்த இரண்டு பேர் எதிரெதிர் விடை சொல்லி, கஞ்சி ஆறும்வரை வாதாடினார்கள். என் கட்டுரைக்குத் தெளிவான ஒரு வாக்கியம் கிடைக்கும் என்று காத்திருந்தது வீணாயிற்று.

நடந்து திரும்பும்போது 1809 என்ற ஆண்டு மனத்தில் சுற்றிக்கொண்டே வந்தது. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் சபையை நிறுவியது அந்த ஆண்டு. வைகுண்டர் பிறந்ததும் அதே ஆண்டு. எங்கள் முன்னோர் ஒரு வாசலில் நுழைந்தார்கள், இவர்களின் முன்னோர் இன்னொன்றைத் தாங்களே கட்டினார்கள். இருவரும் அஞ்சி ஓடியது ஒரே அரசு வரியையும் கட்டாய ஊழியத்தையும் கண்டுதான். எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதையில் மிஷனரிகள் வந்தார்கள், விடுதலை வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நேர்ந்தது என்று அக்கதை ஒருபோதும் கேட்டதில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.

துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து தலையிலேயே கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வாசலில் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. மாலையில் அது துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.